ஆட்டிசம் உள்ளவரா, ஆட்டிஸ்டிக்கா?

சில வருடங்களுக்கு முன்னால் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கான சிறு கையேடு ஒன்றைத் தமிழாக்கும் வேலை எனக்கு வந்தது. மொத்தம் 32 பக்கம். பள்ளி மணி அடிக்கும்போது ஆட்டிசம் உள்ள குழந்தைகள் காதைப் பொத்திக்கொள்ளக்கூடும் என்று 4ஆம் பக்கத்தில் ஒரு வாக்கியம். நான் யோசிக்காமல் "ஆட்டிசத்தால் பாதிக்கப்பட்ட குழந்தைகள்" என்று எழுதிவிட்டேன். செய்தித்தாள் படித்து வளர்ந்த கைக்கு அதுதான் தானாக வரும். வெள்ளத்தால் பாதிக்கப்பட்ட, புயலால் பாதிக்கப்பட்ட, அப்புறம் ஆட்டிசத்தால் பாதிக்கப்பட்ட.

மெய்ப்புப் படியை வாசித்துக் கருத்துச் சொல்ல இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒருவர் இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க இளைஞர், ஆட்டிசம் உள்ளவர். இன்னொருவர் எட்டு வயதுப் பையனின் அம்மா. இளைஞர் அந்த வரியில் விரலை வைத்தார்.

"யார் சார் பாதிச்சது? என்னை ஆட்டிசம் பாதிக்கல. அந்த மணிதான் பாதிச்சுது. நேரா ஆட்டிஸ்டிக்னே போடுங்க."

அந்த அம்மா உடனே மறுத்தார். "வேண்டாங்க. என் பையனுக்குன்னு ஒரு பேர் இருக்கு. தெருவுல எல்லாரும் 'அந்த ஆட்டிசம் பையன்'னுதான் சொல்றாங்க. அச்சுலயும் அதையே போட்டா எப்படி?"

இளைஞருக்கும் அந்த அம்மாவுக்கும் நடுவே நான் கேட்டது, உலகம் முழுக்க ஐம்பது வருடமாக நடந்துவரும் வாக்குவாதம். ஆங்கிலத்தில் இந்த இரண்டு வழிகளுக்கும் பெயர் உண்டு. ஒன்று பெர்சன் ஃபர்ஸ்ட், அதாவது ஆளை முன்னால் வைப்பது: "பெர்சன் வித் ஆட்டிசம்". மற்றது ஐடென்டிட்டி ஃபர்ஸ்ட், அடையாளத்தை முன்னால் வைப்பது: "ஆட்டிஸ்டிக் பெர்சன்". எது மரியாதை என்று கேட்பதற்கு முன், இரண்டும் யாரிடமிருந்து வந்தன என்று பார்ப்பது நல்லது. ஏனென்றால் இரண்டுமே சம்பந்தப்பட்டவர்கள் கேட்டு வாங்கியவை. மேலே இருந்து யாரோ சட்டம் போட்டு இறக்கியவை என்று பலர் நினைக்கிறார்கள், அது சரியல்ல.

முதலாவது அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் சூடு பிடித்தது. அங்கே சேலம் நகரத்தில் அரசு நடத்திய ஒரு பெரிய விடுதி இருந்தது. அறிவுத்திறன் வளர்ச்சி குறைந்தவர்கள் என்று முத்திரை குத்தப்பட்டவர்களைச் சின்ன வயதிலேயே கொண்டுவந்து வாழ்நாள் முழுக்க அடைத்து வைக்கும் இடம். அங்கிருந்து வெளியே வந்த சிலர் 1974இல் தாங்களே ஒரு அமைப்பைத் தொடங்கினார்கள். என்ன பெயர் வைப்பது என்ற பேச்சு வந்தபோது, எங்களை எல்லாரும் மந்தபுத்தி என்று கூப்பிட்டே பழகிவிட்டார்கள், முதலில் நாங்கள் மனிதர்கள் என்று தெரிய வேண்டும் என ஒருவர் சொன்னாராம். அதிலிருந்து பிறந்த பெயர்தான் 'பீப்பிள் ஃபர்ஸ்ட்'. அதே வருடம் அவர்கள் கூட்டிய மாநாட்டுக்கு எதிர்பார்த்ததைவிட இரண்டு மடங்குக்கு மேல், ஐந்நூறு பேருக்கும் அதிகமாக வந்தார்கள்.

அவர்களுடைய காயம் எது என்று கவனியுங்கள். முத்திரை ஆளையே விழுங்கிவிட்டது. மருத்துவரின் குறிப்பிலும் பதிவேட்டிலும் காவலாளியின் வாயிலும் அவர்கள் வெறும் முத்திரைதான். அதற்கு மருந்தாக, ஆளையும் முத்திரையையும் பிரித்து நடுவில் இடைவெளி விடச் சொன்னார்கள். 1983இல் எய்ட்ஸ் நோயுடன் வாழ்ந்தவர்கள் டென்வர் நகரத்தில் கூடி, எங்களைப் 'பலியானவர்கள்' என்று சொல்லாதீர்கள், நாங்கள் 'எய்ட்ஸ் உள்ள மக்கள்' என்று அறிக்கை விட்டதும் இதே காயத்திலிருந்துதான். பிறகு இந்தச் சொல்முறை சட்டங்களுக்குள் போனது. ஊனம் உள்ளவர்களின் உரிமைகளுக்காக 2006இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட உடன்படிக்கையின் ஆங்கிலத் தலைப்பு 'ஊனம் உள்ள நபர்கள்' என்ற அமைப்பில்தான் இருக்கிறது. அதே உரிமைகளுக்கான நம் நாட்டின் 2016ஆம் ஆண்டுச் சட்டமும் அந்த வழியில் வந்தது.

இரண்டாவதின் கதை வேறு. ஜிம் சின்க்ளேர் என்ற ஆட்டிஸ்டிக் செயற்பாட்டாளர் 1993இல் டொராண்டோவில் பெற்றோர்கள் நிறைந்த ஒரு மாநாட்டில், எங்களுக்காக அழாதீர்கள் என்று பேசினார். என் பிள்ளைக்கு ஆட்டிசம் இல்லாமல் இருந்திருக்கலாமே என்று நீங்கள் அழும்போது, இந்தப் பிள்ளை இல்லாமல் வேறொரு பிள்ளை இருந்திருக்கலாமே என்றுதான் எங்கள் காதில் விழுகிறது என்பது அந்தப் பேச்சின் மையம். 1999இல் 'பெர்சன் வித் ஆட்டிசம்' தனக்கு ஏன் பிடிக்கவில்லை என்று விளக்கி எழுதினார். அதில் ஒரு சட்டை உதாரணம் வருகிறது. இன்று ஊதாச் சட்டை போட்ட ஆளாக இருப்பேன், நாளைக்கு நீலம், மறுநாள் மஞ்சள். சட்டையை மாற்றினாலும் ஆள் அதே ஆள்தான். ஆட்டிசம் அப்படிக் கழற்றி மாட்டும் சட்டையல்ல, அதைக் கழற்றினால் மிச்சம் இருப்பது நானல்ல என்றார். அதோடு, இடதுகைக்காரர் என்று சொல்கிறோமே, இடதுகைப் பழக்கத்துடன் வாழும் நபர் என்றா சொல்கிறோம் என்றும் கேட்டார். வெட்கப்பட வேண்டியதைத்தான் ஆளிடமிருந்து தள்ளி வைத்துப் பேசுவோம் என்பது அவர் வாதம்.

அதே 1993இல் அமெரிக்கப் பார்வையற்றோர் தேசியக் கூட்டமைப்பும் இதே போக்கில் ஒரு தீர்மானம் போட்டது. பிளைண்ட் என்ற சொல்லில் வெட்கம் ஒன்றுமில்லை, எங்களைச் சுற்றி வளைத்துக் குறிப்பிடாதீர்கள் என்றார்கள். இங்கிலாந்தில் நடந்ததும் சுவாரசியமானது. அங்கே 1970களிலிருந்து சொல்லப்பட்ட கருத்து, காலில் உள்ள குறை வேறு, முடக்கம் வேறு என்பது. காலில் உள்ள குறை என்னுடையது. படிக்கட்டை மட்டும் வைத்துச் சாய்தளம் வைக்காமல் என்னை முடக்கியது கட்டடம். அந்த அர்த்தத்தில் 'டிஸ்ஏபில்டு' என்பது 'முடக்கப்பட்டவர்', அதாவது சமூகத்தால் முடக்கப்பட்டவர். அதை ஆளுக்குப் பின்னால் தள்ளினால் குற்றவாளி தப்பித்துவிடுவார் என்பது அவர்கள் கணக்கு. மணிதான் பாதித்தது என்று நம் இளைஞர் சொன்னது இதே கருத்துதான். அவர் இதையெல்லாம் படித்திருந்தாரா என்று நான் கேட்கவில்லை.

ஆக, ஒரு தரப்புக்கு முத்திரை ஆளோடு ஒட்டியே இருந்தது வலி. மறு தரப்புக்கோ, தன்னில் ஒரு பகுதியை நோய்போலப் பிரித்துக் காட்டியது வலி. வலி எதிர்த்திசையில் இருந்ததால் மருந்தும் எதிர்த்திசையில் அமைந்தது. எல்லாருக்கும் ஒரே மருந்து கொடுக்க நினைக்கும்போதுதான் சிக்கல் வருகிறது.

சரி, எத்தனை பேருக்கு எது பிடிக்கும்? 2016இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில் 3,470 பேரிடம் கேட்டார்கள். ஆட்டிசம் உள்ள பெரியவர்களில் 61 சதவீதம் பேர் 'ஆட்டிஸ்டிக்' என்ற சொல்லை ஏற்றார்கள். 'பெர்சன் வித் ஆட்டிசம்' என்பதை ஏற்றவர்கள் 28 சதவீதம். ஆனால் மருத்துவர், ஆசிரியர் போன்ற தொழில்முறை ஆட்களிடம் கணக்கு தலைகீழ்: 49 சதவீதம் பேர் 'பெர்சன் வித்' பக்கம், 38 சதவீதம் பேர் 'ஆட்டிஸ்டிக்' பக்கம். பயிற்சி வகுப்பில் மரியாதை என்று கற்றுக்கொடுக்கப்பட்டதை அவர்கள் ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறார்கள். அந்த மரியாதை யாருக்குப் போக வேண்டுமோ அவர்களில் பாதிக்கு மேல் வேறு ஒன்றைக் கேட்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டு இனிமேல் எல்லாரையும் ஆட்டிஸ்டிக் என்றே சொல்வோம் என்று கிளம்பினால், கடலைத் தாண்டி நெதர்லாந்தில் இறங்கும்போது தவறாகிவிடும். அங்கே டச்சு மொழியில் இதே கேள்வியைக் கேட்டபோது, ஆட்டிசம் உள்ள பெரியவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஆளை முன்னிறுத்தும் வடிவத்தையே தேர்ந்தெடுத்தார்கள். ஒரு மொழியில் ஒரு சொல் எந்த வாயிலிருந்து எந்தத் தொனியில் வந்து பழகியது என்பதைப் பொறுத்து அதன் சுவை மாறுகிறது. ஆங்கிலக் கருத்துக் கணிப்பை அப்படியே தமிழுக்குத் தூக்கி வர முடியாது. அதோடு, இந்தக் கணிப்புகளில் பதில் சொன்னவர்கள் படிவத்தை நிரப்ப முடிந்தவர்கள். பேசாத, எழுதாத ஒருவருக்கு எது பிடிக்கும் என்று இந்தச் சதவீதம் சொல்லாது.

இனி தமிழுக்கு வருவோம். 'ஆளை முன்னால் வை' என்ற விதியைத் தமிழில் சொல்வரிசையாகக் கடைப்பிடிக்கவே முடியாது. நம் மொழியில் அடை எப்போதும் முன்னால்தான் வரும். 'ஆட்டிசம் உள்ள பையன்' என்றாலும் 'ஆட்டிஸ்டிக் பையன்' என்றாலும் பையன் கடைசியில்தான் நிற்பான். ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் தொடங்கும் 'டெஃப்' என்றால் சைகை மொழிச் சமூகத்தைச் சேர்ந்தவர், சின்ன எழுத்தில் தொடங்கினால் காது கேளாமை மட்டும் என்று ஒரு வேறுபாடு உண்டு. நமக்குப் பெரிய எழுத்தே இல்லை. அந்த விவாதத்தின் கருவிகளில் பாதி இங்கே வேலை செய்யாது.

தமிழில் மரியாதை வேறு இடங்களில் உட்கார்ந்திருக்கிறது. ஒன்று, அடையையும் ஆளையும் சேர்க்கும் சொல். 'உள்ள' என்பது வெறுமனே இருப்பதைச் சொல்கிறது. 'பாதிக்கப்பட்ட' என்பது ஒரு விபத்தைச் சொல்கிறது. 'அற்ற' என்பது இல்லாததைக் கொண்டு அளக்கிறது. ஆட்டிசத்துக்கு அரசுத் தாள்களில் 'புற உலகச் சிந்தனையற்ற' என்று ஒரு பெயர் உண்டு. மணிச் சத்தம் எல்லாரையும்விட அதிகமாகக் கேட்டுத் தவிக்கும் பிள்ளைக்குப் புற உலகச் சிந்தனை இல்லை என்பது என்ன கணக்கோ! 'மதியிறுக்கம்' என்ற கலைச்சொல்லும் புத்தியைச் சந்தேகப்படுவதுபோல் ஒலிக்கிறது. 'ஆட்டிசம்' என்ற கடன்சொல்லே தேவலை என்று பெற்றோர்கள் அதையே புழங்குகிறார்கள். நானும் அந்தப் பக்கம்தான்.

இன்னொன்று, கடைசியில் நிற்கும் பெயர்ச்சொல் உயிரோடு இருக்கிறதா என்பது. 'காது கேளாத தையல்காரர்' என்றால் அங்கே ஒரு தையல்காரர் இருக்கிறார். 'காது கேளாதவர்' என்றால் தையல் போய்விட்டது, காது மட்டும் மிச்சம். 'செவிடன்' என்றால் மரியாதை விகுதியும் போய்விட்டது. ஆங்கிலக்காரர்கள் வரிசையை மாற்றித் தேடும் அந்த 'முதலில் மனிதர்' என்ற உணர்வைத் தமிழில் இந்தப் பெயர்ச்சொல்தான் தரும். மாணவர், அக்கா, தறிக்காரர், கவுன்சிலர் என்று ஏதாவது ஒன்று அங்கே நின்றால் போதும், முன்னால் எந்த அடை வந்தாலும் ஆள் தொலைந்து போக மாட்டார். நோயாளி என்ற சொல்லின் குறையும் இதுதான். மருத்துவமனை வரிசையில் நிற்கும்வரை எவரும் நோயாளிதான். வலிப்பு வரும் ஆசிரியையை வீட்டிலும் வகுப்பிலும் 'வலிப்பு நோயாளி' என்று எழுதினால், அவர் எப்போதுமே அந்த வரிசையில் நிற்கிறார் என்று ஆகிறது.

அப்புறம் 'மாற்றுத்திறனாளி'. கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது 'ஊனமுற்றோர்' என்ற சொல்லுக்குப் பதிலாக அரசு வழக்கில் வந்தது, இன்று பேருந்து இருக்கையிலிருந்து சட்டத்தின் தமிழ்த் தலைப்புவரை எங்கும் நிற்கிறது. முந்தைய சொல்லின் இழிவிலிருந்து அது பலரை விடுவித்தது உண்மை. ஆனால் இது நாம் பேசிவரும் இரண்டு வழிகளில் எதுவும் இல்லை. ஆளையும் முன்னிறுத்தவில்லை, ஊனம் என்ற அடையாளத்தையும் சொல்லவில்லை. இனிமையான மூன்றாவது சொல் ஒன்றைப் போர்த்துகிறது. 2015 இறுதியில் பிரதமர் மோதி 'திவ்யாங்' என்ற சொல்லை முன்வைத்தபோது ஊனமுற்றோர் அமைப்புகள் பல எதிர்த்தது இதற்காகத்தான்: தெய்வீக உறுப்பு வேண்டாம், சாய்தளம் வேண்டும் என்பதே அவர்கள் பதில். தமிழில் 'மாற்றுத்திறனாளி' ஓரளவு தேய்ந்து சாதாரணப் பெயராகிவிட்டது. பொது அறிவிப்பில் அதை எழுதினால் யாரும் புண்படப்போவதில்லை. ஆனால் இன்ன ஏற்பாடு வேண்டும் என்று சொல்லும் இடத்தில் அது உதவாது. 'மாற்றுத்திறனாளி மாணவருக்கு வசதி செய்க' என்று படித்த தலைமை ஆசிரியருக்குச் சக்கர நாற்காலிக்கு வழி விட வேண்டுமா, பிரெய்ல் வினாத்தாள் வேண்டுமா என்று எப்படித் தெரியும்?

தேர்ந்தெடுப்பது எப்படி என்பதற்கு நான் பின்பற்றுவது ரொம்ப எளிது. எழுதப்படுபவர் ஒருவர் என்றால் அவரிடமே கேட்பேன்: "உங்களை எப்படிக் குறிப்பிடட்டும்?" அவர் சொல்லும் சொல் எனக்குக் கூச்சமாக இருந்தாலும் அதையே எழுதுவேன். அவர் தன்னை ஒரு சொல்லால் சொல்லிக்கொள்ளும்போது, அது தவறு, இப்படிச் சொல்லுங்கள் என்று திருத்துவதைவிடப் பெரிய அவமரியாதை கிடையாது. அது நல்லெண்ணத்தோடு அடிக்கடி நடக்கிறது. ஆனால் தனக்கு அவர் வைத்துக்கொண்ட சொல்லை இன்னொருவருக்கு நான் ஒட்டக் கூடாது. குடிநோயிலிருந்து மீள்பவர்களின் கூட்டத்தில் ஒருவர் எழுந்து "நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்குவார். அந்த ஒப்புதலில்தான் அவருடைய அன்றைய நாள் நிற்கிறது. அதே சொல்லை அவருடைய முதலாளி சொன்னால் கதை வேறு. 2010இல் அமெரிக்காவில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட மனநலத்துறைப் பணியாளர்களிடம் ஒரே ஆளைப் பற்றிய குறிப்பை இரண்டு விதமாக எழுதிக் கொடுத்துப் பார்த்தார்கள். போதையைத் தவறாகப் பயன்படுத்துபவர் என்று எழுதியதைப் படித்தவர்கள், போதைப் பயன்பாட்டுக் கோளாறு உள்ளவர் என்று எழுதியதைப் படித்தவர்களைவிட, அவர் மேல் அதிகப் பழி போட்டார்கள், தண்டனை தரலாம் என்ற பக்கமும் சாய்ந்தார்கள். படித்துத் தேர்ந்த ஆட்களே இப்படி.

எழுதப்படுபவர் ஒரு கூட்டம் என்றால், அவர்களுக்காக நடத்தப்படும் அமைப்பைவிட அவர்களே நடத்தும் அமைப்பு என்ன சொல்கிறது என்று பார்ப்பேன். அதுவும் கிடைக்காவிட்டால் இன்னொரு கேள்வி: இதை அவர்கள் தாங்கள் வாழும் விதமாகப் பார்க்கிறார்களா, தங்களுக்கு வந்த நோயாகப் பார்க்கிறார்களா? காது கேளாமை, பார்வையின்மை, ஆட்டிசம் ஆகியவற்றில் முதல் பதில் வர வாய்ப்பு அதிகம். மறதிநோய், புற்றுநோய், மனச்சிதைவு ஆகியவற்றில் இரண்டாவது பதில். அங்கே 'உள்ளவர்' என்று தள்ளி வைத்துச் சொல்வதே பெரும்பாலும் பாதுகாப்பு. அமெரிக்க உளவியலாளர் சங்கத்தின் எழுத்து வழிகாட்டி, 2019இல் வந்த பதிப்பில் இரண்டு முறையையும் ஏற்கிறது. குழுவின் விருப்பம் தெரிந்தால் அதன்படி செய் என்கிறது.

ஒரு எச்சரிக்கை மட்டும். அக்கறையான சொற்றொடரை ஒரு பக்கத்துக்கு மட்டும் போட்டால் அதுவே முத்திரையாகிவிடும். 'ஆட்டிசம் உள்ள குழந்தைகளும் சாதாரணக் குழந்தைகளும்' என்ற வரியைப் பாருங்கள். முதல் பாதியைக் கையுறை போட்டு எடுத்திருக்கிறோம், இரண்டாம் பாதியை வெறுங்கையால். ஆங்கில ஆய்வுக் கட்டுரைகளிலும் இதுதான் நடக்கிறது, அதிலும் ஊனம் உள்ள குழந்தைகளைப் பற்றி எழுதும்போது அதிகம் என்று 2017இல் ஒரு உளவியல் ஆய்வாளர் எண்ணிக் காட்டினார். 'ஆட்டிசம் உள்ள குழந்தைகளும் ஆட்டிசம் இல்லாத குழந்தைகளும்' என்று எழுதிவிட்டால் தராசு நேராகும்.

கையேட்டுக்குத் திரும்புவோம். அந்த 4ஆம் பக்க வரியை மூன்று தடவை எழுதிப் பார்த்தேன். "ஆட்டிசம் உள்ள குழந்தைகள் காதைப் பொத்திக்கொள்ளக்கூடும்" என்றதை அந்த அம்மா ஏற்றார், இளைஞர் தோளைக் குலுக்கினார். "ஆட்டிஸ்டிக் குழந்தைகள்" என்றதை இளைஞர் ஏற்றார், அம்மாவின் முகம் சுருங்கியது. மூன்றாவது முறை பெயரையே எடுத்துவிட்டேன்: "மணிச் சத்தம் சில குழந்தைகளுக்குத் தாங்க முடியாததாக இருக்கும். அவர்கள் காதைப் பொத்திக்கொண்டால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள்." ஆசிரியருக்கு அந்த இடத்தில் தெரிய வேண்டியது அதுதான். காதைப் பொத்துகிற எல்லாப் பிள்ளையின் கையிலும் மருத்துவர் சான்றிதழ் இருக்காது.

பெயர் தேவைப்பட்ட இடங்களும் இருந்தன. முதல் பக்கத்தில் சிறு குறிப்பு ஒன்று சேர்த்தோம்: இந்தக் கையேட்டில் பொதுவாக 'ஆட்டிசம் உள்ள குழந்தைகள்' என்று எழுதியிருக்கிறோம், தங்களை ஆட்டிஸ்டிக் என்று சொல்லிக்கொள்பவர்களின் அனுபவம் வரும் பக்கங்களில் அவர்கள் சொன்னபடியே விட்டிருக்கிறோம். இளைஞர் சொல்லி எழுதிய பக்கம் அவர் சொற்களிலேயே போனது. அந்த அம்மா எழுதிய பக்கத்தில் பையனின் பெயர் மட்டும்தான், அதையும் மாற்றி வைத்தோம்.

கணினியில் 'ஆட்டிசத்தால் பாதிக்கப்பட்ட' என்று தேடி எல்லா இடத்திலும் மாற்றிவிட்டு, கடைசிப் படியை இளைஞருக்கு அனுப்பினேன். மறுநாள் ஒரு படம் வந்தது. 19ஆம் பக்கம், கீழிருந்து மூன்றாவது வரி, சிவப்பு வட்டம்: "ஆட்டிச பாதிப்புள்ள". தேடலில் சிக்காமல் தப்பியிருக்கிறது.